டையோடு சுற்றில் லோட் லைன்: கிராஃப் தாளிலும் கால்குலேட்டரிலும் விடை காண்பது பற்றி மாணவர்கள் கேட்பவை

ஒரு செல், ஒரு ரெசிஸ்டர், ஒரு டையோடு. இவ்வளவு சின்ன சுற்றுக்கு ஏன் நேராக விடை வரமாட்டேன் என்கிறது?

ஒரே கரண்ட் இரண்டு பேருக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. ரெசிஸ்டர் ஒரு விதி சொல்கிறது, டையோடு வேறு ஒரு விதி சொல்கிறது. V என்பது டையோடின் குறுக்கே உள்ள மின்னழுத்தம், I சுற்றில் ஓடும் கரண்ட், E செல்லின் மின்னழுத்தம், Is-உம் nVT-யும் டையோடுக்கு உரிய எண்கள் என்றால் அந்த இரண்டு விதிகளும் இவை:

```
I = (E − V) / R
I = Is × (e^(V/nVT) − 1)
```

இரண்டையும் சமமாக வைத்துப் பாருங்கள். V ஒரு பக்கம் சாதாரணமாக நிற்கிறது, இன்னொரு பக்கம் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூட இயற்கணிதத்தில் எப்படித் திருப்பிப் போட்டாலும் V-ஐத் தனியாகப் பிரிக்க முடியாது. லாம்பர்ட் சார்பு என்று ஒன்றை வைத்து விடையை ஒரே வரியில் எழுதலாம். ஆனால் அந்தச் சார்பின் மதிப்பையும் கடைசியில் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் நமக்கு இருப்பவை இரண்டு வழிகள்: இரண்டு விதிகளையும் ஒரே தாளில் வரைந்து வெட்டும் இடத்தைப் பார்ப்பது, அல்லது ஒரு ஊகத்தில் தொடங்கி அதைத் திருத்திக்கொண்டே போவது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே சுற்றை வைத்துக்கொள்வோம். E = 1.5 V, அதாவது ஒரு பென்சில் செல். R = 100 Ω; பழுப்பு, கறுப்பு, பழுப்பு, தங்க நிறப் பட்டை போட்டது. டையோடு 1N4148, ஆரஞ்சு நிறக் கண்ணாடி உடல், ஒரு முனையில் கறுப்புப் பட்டை. அதற்கு Is = 2.5 nA, nVT = 45 mV என்று எடுத்துக்கொள்கிறேன். அறை வெப்பநிலை 27 டிகிரி.

0.7 வோல்ட் என்று போட்டுவிட்டுப் போனால் போதாதா?

செல் 12 வோல்ட், ரெசிஸ்டர் 1 kΩ என்றால் தாராளமாகப் போதும். 0.7 வைத்தால் 11.30 mA, சரியாகக் கணக்கிட்டால் 11.31 mA. அந்த வித்தியாசத்தை உங்கள் மீட்டரே காட்டாது.

நம் 1.5 வோல்ட் சுற்றில் 0.7 வைத்தால் 8.0 mA வருகிறது. உண்மையான விடை 8.25 mA. மூன்று சதவீதம் பிசகு. பல வேலைகளுக்கு இதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் செல் தேய்ந்து 0.9 வோல்ட்டுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். 0.7 கணக்கு 2.0 mA என்கிறது, உண்மையில் ஓடுவது 2.74 mA. கால் பங்குக்கு மேல் தப்பு. ரெசிஸ்டருக்கு மிஞ்சும் மின்னழுத்தம் குறையக் குறைய, டையோடின் மின்னழுத்தத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் தேவை கூடிக்கொண்டே போகிறது. லோட் லைன் வேலைக்கு வருவது அங்கேதான்.

கிராஃப் தாளில் எங்கிருந்து ஆரம்பிப்பது? அளவுகோல் எப்படி எடுப்பது?

கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 0.1 V, நிலை அச்சில் 1 செ.மீ.க்கு 1 mA. இப்படி எடுத்தால் படம் 15 × 15 செ.மீ.க்குள் அடங்கும், ஒரு சின்னக் கட்டம் 0.01 V-ஆகவும் 0.1 mA-ஆகவும் அமையும்.

முதலில் கோட்டைப் போடுங்கள். டையோடில் மின்னழுத்தமே இல்லை என்றால் 1.5 வோல்ட்டும் ரெசிஸ்டருக்குத்தான்: 15 mA. இது நிலை அச்சில் ஒரு புள்ளி. கரண்ட்டே ஓடவில்லை என்றால் 1.5 வோல்ட்டும் டையோடுக்குத்தான். இது கிடை அச்சில் ஒரு புள்ளி. இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் லோட் லைன் முடிந்தது. இந்தக் கோட்டுக்கு டையோடு எது என்றே தெரியாது. செல்லும் ரெசிஸ்டரும் மட்டும்தான் அதில் இருக்கின்றன. டையோடை மாற்றினால் கோட்டை அழிக்க வேண்டியதில்லை, வளைவை மட்டும் மாற்றி வரைந்தால் போதும்.

அடுத்து வளைவு. இங்கேதான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். மின்னழுத்தத்தை 0.1, 0.2, 0.3 என்று சம இடைவெளியில் எடுத்துக் கரண்ட்டைக் கணக்கிடுவார்கள். 0.5 வரைக்கும் எல்லாப் புள்ளிகளும் அச்சிலேயே படுத்திருக்கும், 0.6-இல் ஒரு புள்ளி, 0.7-இல் ஒரு புள்ளி, நடுவே ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டிய விடையோ அந்த நடுவில்தான் இருக்கிறது. தலைகீழாகச் செய்யுங்கள்: கரண்ட்டை நீங்கள் தேர்ந்தெடுத்து, மின்னழுத்தத்தைக் கணக்கிடுங்கள். V = 0.045 × ln(I/Is) என்று போட்டால் 1 mA-க்கு 0.580 V, 2-க்கு 0.612, 4-க்கு 0.643, 6-க்கு 0.661, 8-க்கு 0.674, 10-க்கு 0.684, 12-க்கு 0.692. இந்த ஏழு புள்ளிகளைக் கைவாக்கில் இணைத்தாலே வளைவு வந்துவிடும்.

இரண்டும் வெட்டும் இடம் 0.675 V, 8.2 mA அருகே விழும். அதுதான் இயங்கு புள்ளி. நாம் க்யூ பாயின்ட் என்கிறோமே, அதேதான். அரைக் கட்டம் வரை கண்ணால் படிக்கலாம் என்று வைத்தால் பிசகு 0.005 V, 0.05 mA. கரண்ட்டில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ரெசிஸ்டரின் தங்கப் பட்டையே ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்லும்போது, கூர்மையான பென்சிலில் கவனமாக வரைந்த படம் கொடுக்கும் விடை மட்டமானதே இல்லை.

12 வோல்ட் கொடுத்த கணக்கில் கோட்டின் ஒரு முனை தாளுக்கு வெளியே போகிறது. அளவுகோலைச் சுருக்கட்டுமா?

சுருக்கினால் டையோடு வளைவு ஒரு செங்குத்துக் கோடாக நசுங்கிவிடும், படிக்க ஒன்றும் மிஞ்சாது. கிடை அச்சு 1 வோல்ட் வரை மட்டும் இருக்கட்டும். ஒரு நேர்கோட்டுக்கு எந்த இரண்டு புள்ளிகளும் போதுமே. 1 kΩ ரெசிஸ்டர் என்றால் V = 0-இல் 12 mA, V = 1-இல் 11 mA. இரண்டும் தாளுக்குள்ளேயே இருக்கின்றன. கிட்டத்தட்டப் படுத்த கோடாக அது தெரியும். டையோடின் மின்னழுத்தம் கொஞ்சம் அங்கே இங்கே போனாலும் கரண்ட் மாறாது என்பதை அந்தப் படுத்த கோடே காட்டிவிடுகிறது.

படம் வேண்டாம், கால்குலேட்டரிலேயே விடை எடுக்க முடியுமா?

முடியும். ஒரு மின்னழுத்தத்தை ஊகியுங்கள். லோட் லைன் சமன்பாட்டில் போட்டுக் கரண்ட்டை எடுங்கள். அந்தக் கரண்ட் ஓட டையோடுக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று மடக்கையில் கணக்கிடுங்கள். வந்த விடையை அடுத்த ஊகமாக வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள்.

0.7-இல் ஆரம்பித்தால் கரண்ட் 8.00 mA, புது மின்னழுத்தம் 0.6740. அதை வைத்தால் 8.26 mA, 0.6755. அடுத்தது 8.245 mA, 0.6754. அதற்கு மேல் நான்காவது தசம இடம் அசையவில்லை. விடை 0.6754 V, 8.246 mA.

Ans பொத்தான் உள்ள சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரில் ஒவ்வொரு முறையும் எண்களைத் திரும்ப அடிக்க வேண்டாம். 0.7 அடித்து = அழுத்துங்கள். அப்புறம் இந்த ஒரு வரியை அடித்துவிட்டு = பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள்:

```
0.045 × ln((1.5 − Ans) ÷ (2.5 × 10^-7))
```

கடைசியில் உள்ள எண் R × Is, அதாவது 100 × 2.5 nA. தேர்வில் இப்படி எடுத்தாலும், ஒவ்வொரு சுற்றின் V-யும் I-யும் ஒரு அட்டவணையாக விடைத்தாளில் இருக்க வேண்டும்.

நானும் அதே 0.7-இல்தான் ஆரம்பித்தேன். எனக்கு லட்சக்கணக்கில் ஆம்பியர் வருகிறதே, எங்கே தப்பு?

எண்களில் தப்பு இல்லை, திசையில்தான் தப்பு. நீங்கள் ஊகித்த மின்னழுத்தத்தை முதலில் டையோடு சமன்பாட்டில் போட்டிருப்பீர்கள். 0.7 V போட்டால் 14.2 mA. அதை ரெசிஸ்டரில் விட்டால் 1.42 வோல்ட் அங்கேயே போய்விடும், டையோடுக்கு மிஞ்சுவது 0.076 V. அதைத் திரும்ப டையோடில் போட்டால் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம். அப்படியென்றால் 1.5 வோல்ட்டும் டையோடுக்கே. 1.5 வோல்ட்டை அடுக்கில் ஏற்றினால் ஏழரை லட்சம் ஆம்பியர்! இன்னும் தொடர்ந்தால் மின்னழுத்தம் மைனஸ் ஏழரைக் கோடி வோல்ட்டுக்குப் போகும், அப்புறம் 1.5-க்குத் திரும்பும், மறுபடியும் அதே ஏழரை லட்சம். எத்தனை முறை செய்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

இதைப் படத்தில் பார்த்தால் ஒரேயடியாகப் புரிந்துவிடும். ஏற்கெனவே வரைந்த தாளை எடுங்கள். சரியான வழியில் 0.7-இலிருந்து நேராக மேலே போய் லோட் லைனைத் தொடுகிறோம்: 8 mA. அங்கிருந்து கிடையாக இடப்பக்கம் நகர்ந்து வளைவைத் தொடுகிறோம்: 0.674. மறுபடியும் செங்குத்தாக மேலே ஏறிக் கோட்டுக்கு, அங்கிருந்து கிடையாக வலப்பக்கம் வளைவுக்கு. வெட்டும் புள்ளியைச் சுற்றி ஒரு சதுரச் சுருள் உருவாகி உள்ளே சுருங்குகிறது. இரண்டாவது சுற்றிலேயே அது பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும்.

உங்கள் வழியில் முதலில் வளைவு, அப்புறம் கோடு. அதே சுருளில் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள். உள்ளே சுருங்கும் சுருளில் எதிர்த்திசையில் நடந்தால் வெளியே போகத்தானே வேண்டும்! 0.7-இலிருந்து வளைவைத் தொட 14.2 செ.மீ. ஏற வேண்டும், பிறகு இடது ஓரத்துக்குப் போய்விடுவீர்கள். அந்த ஏழரை லட்சம் ஆம்பியரைக் குறிக்க இதே அளவுகோலில் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரமான தாள் வேண்டும்.

எவ்வளவு வேகமாகச் சுருங்கும், எவ்வளவு வேகமாக விரியும் என்பதை வெட்டும் இடத்தில் உள்ள இரண்டு சரிவுகளே முடிவு செய்கின்றன. வளைவின் சரிவு I/nVT, கோட்டின் சரிவு 1/R. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் IR/nVT, அதாவது ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை 45 மில்லிவோல்ட்டால் வகுத்தது. நம் சுற்றில் 0.8246 / 0.045 = 18. சரியான திசையில் ஒவ்வொரு சுற்றிலும் பிசகு 18-இல் ஒரு பங்காகக் குறையும். முதல் ஊகத்தில் 25 mV பிசகு, அடுத்ததில் 1.4 mV, அதற்கடுத்ததில் 0.08 mV, மேலே உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்த்திசையில் அதே 18 பெருக்கலாகிவிடுகிறது.

அப்படியானால் எப்போதும் மடக்கை வழியிலேயே போய்விடலாமா?

கூடாது. அந்த விகிதம் 1-க்கு மேலே இருக்கும் வரைக்கும்தான் அது உள்ளே சுருங்கும்.

E = 0.4 V என்று வையுங்கள், மற்றதெல்லாம் அதேதான். 0.3-இல் ஆரம்பித்தால் கரண்ட் 1 mA, அதற்கு வேண்டிய மின்னழுத்தம் 0.580 V. செல்லே 0.4 வோல்ட்தான். அடுத்த சுற்றில் 0.4 − 0.580 என்று குறை எண் வந்து, அதற்கு மடக்கை எடுக்கப் போய் கால்குலேட்டரில் `Math ERROR` வந்து நின்றுவிடும். இப்போது முன்பு தப்பாகப் போன அதே திசையில் போய்ப் பாருங்கள். 0.4 V-ஐ டையோடில் போட்டால் 18.1 µA, ரெசிஸ்டரில் 1.8 mV போக மிஞ்சுவது 0.3982 V. அதைப் போட்டால் 17.4 µA, 0.3983 V. இரண்டே சுற்றில் முடிந்தது. ரெசிஸ்டரில் இருப்பது 2 மில்லிவோல்ட்டுக்கும் கீழே, 45 mV-க்கு முன்னால் அது மிகவும் சின்னது. அந்த இடத்தில் வளைவுதான் படுத்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் கோடு செங்குத்தாக நிற்கிறது.

ஆக, தொடங்கும் முன் ஒரு கேள்வி போதும்: ரெசிஸ்டரின் குறுக்கே 45 mV-ஐ விட நிறைய இருக்குமா, குறைவாக இருக்குமா? நிறைய என்றால் கோட்டிலிருந்து கரண்ட்டை எடுங்கள், குறைவு என்றால் வளைவிலிருந்து எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் எந்தத் திசையில் போனாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே நியூட்டன்–ராப்சன்தான் சரி.

நியூட்டன்–ராப்சன் வேகமானது என்கிறார்கள். எனக்கு 0.5-இல் ஆரம்பித்தால் 1.2 வோல்ட்டுக்குத் தாவுகிறதே?

தாவத்தான் செய்யும். நியூட்டன் முறை நீங்கள் நிற்கும் இடத்தில் வளைவுக்குத் தொடுகோடு போட்டு, அது லோட் லைனை வெட்டும் இடத்துக்கு உங்களைக் கொண்டுபோகிறது. 0.5 வோல்ட்டில் வளைவு இன்னும் படுத்தே இருக்கிறது, அங்கே கரண்ட் 0.17 mA-தான். படுத்த தொடுகோடு விடையைத் தாண்டி 1.217 V-இல் போய்தான் கோட்டை வெட்டும். அங்கே வளைவு செங்குத்தாக இருப்பதால் திரும்பி வரும்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 45 mV மட்டுமே இறங்க முடியும். 0.675-க்கு வர பத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஆகும்.

விடைக்கு மேலே, ஆனால் பக்கத்தில் தொடங்குங்கள். 0.7-இல் தொடங்கினால் 0.6809, 0.6757, 0.6754. மூன்றே சுற்று. கணினியில் சுற்றுகளைக் கணக்கிடும் ஸ்பைஸ் மென்பொருளும் நியூட்டன் முறையைத்தான் பயன்படுத்துகிறது. இந்தத் தாவலைத் தடுக்க, ஒரு சுற்றில் டையோடின் மின்னழுத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் இதே சுற்றை மாட்டிப் பார்த்தோம். மீட்டர் 7.5 mA-தான் காட்டுகிறது. தியரி தப்பா?

மீட்டரையும் சுற்றில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சரியாக வந்துவிடும். கைக்கு அடக்கமான சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரில் 20 mA ரேஞ்சில் வைத்தால் உள்ளே பெரும்பாலும் 10 Ω அளவில் ஒரு ரெசிஸ்டர் தொடரில் வந்துவிடுகிறது. இப்போது உங்கள் சுற்றில் R என்பது 100 அல்ல, 110. லோட் லைனின் மேல்முனை 15 mA-இலிருந்து 13.6 mA-க்கு இறங்கிவிட்டது. இந்தக் கோட்டை வைத்துக் கணக்கிட்டால் 7.53 mA, 0.671 V. மீட்டர் காட்டியது இதைத்தான்.

கரண்ட்டை நேராக அளக்காதீர்கள். மீட்டரை 2 V ரேஞ்சில் வைத்து 100 Ω ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து, அந்த ரெசிஸ்டரைத் தனியாகக் கழற்றி ஓம் அளவில் பார்த்து, வகுத்துக்கொள்ளுங்கள். சுற்று ஓடும்போதே செல்லின் முனைகளையும் அளந்துவிடுங்கள். புதுச் செல் 1.6 வோல்ட் வரை காட்டும், பழையது 1.3-ஆகவும் இருக்கலாம். அளந்த E, அளந்த R இரண்டையும் வைத்து வரைந்த கோடுதான் உங்கள் சுற்றின் கோடு.

2.5 nA, 45 mV இதெல்லாம் எங்கிருந்து வந்தன? என் டையோடுக்கு எப்படி எடுப்பது?

இந்த வகை டையோடுக்கு ஓரளவு பொருந்தும் எண்கள் அவை. உங்களிடம் உள்ளதற்கு வேண்டுமென்றால் இரண்டு அளவுகள் போதும். ரெசிஸ்டரை மாற்றி 1 mA அருகிலும் 10 mA அருகிலும் டையோடின் மின்னழுத்தத்தை அளந்து, வித்தியாசத்தை கரண்ட் விகிதத்தின் மடக்கையால் வகுங்கள். 0.580, 0.684 என்று வந்தால் 0.104 / 2.303, அதாவது சுமார் 45 mV. Is-ஐத் தனியாகத் தேடவே வேண்டாம்; V = 0.580 + 0.045 × ln(I), இதில் I மில்லிஆம்பியரில். இதுவே முழு வளைவு.

ஓசூரில் இருக்கும் நண்பன் மார்கழிக் காலையில் அளந்ததும் நான் தருமபுரியில் சித்திரை மதியம் அளந்ததும் ஒத்துவரவில்லை. அதே டையோடுதான், அதே ரெசிஸ்டர்தான்.

லோட் லைன் அப்படியே இருக்கிறது, வளைவுதான் நகர்ந்துவிட்டது. ஒரே கரண்ட்டுக்கு டையோடின் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 mV குறையும். காலை 16 டிகிரி, மதியம் 38 டிகிரி என்று வைத்தால் 22 டிகிரிக்கு 44 mV. நம் கிராஃப் தாளில் வளைவு மொத்தமாக நாலரை மி.மீ. இடப்பக்கம் போகிறது. வெட்டும் புள்ளி கோட்டின் மேலேயே வழுக்கி மேலேறுகிறது: 8.04 mA-இலிருந்து 8.46 mA-க்கு.

இதைச் சமன்பாட்டில் சரிபார்க்கும்போது பலரும் VT-யை மட்டும் புது வெப்பநிலைக்கு மாற்றுகிறார்கள். 27-இலிருந்து 38 டிகிரிக்கு nVT 45-இலிருந்து 46.65 mV ஆகிறது. அதை மட்டும் மாற்றினால் அதே கரண்ட்டுக்கு டையோடின் மின்னழுத்தம் 25 mV கூடுவதாக விடை வரும்; நீங்கள் அளந்ததற்கு நேர் எதிர். Is-உம் கூடவே ஏறுகிறது, பத்து டிகிரிக்கு இரண்டு மடங்குக்கும் மேலே. VT கூட்டுவதை விட Is குறைப்பது அதிகம் என்பதால்தான் மின்னழுத்தம் கடைசியில் இறங்குகிறது. Is-க்குச் சரியான மதிப்பு கையில் இல்லையென்றால் VT-யைத் தொடாதீர்கள். 27 டிகிரிக்கு வரைந்த வளைவையே டிகிரிக்கு 2 mV வீதம் இடப்பக்கம் நகர்த்தி வரைந்து, பழைய கோட்டோடு வெட்டும் இடத்தைப் படியுங்கள்.